உபுண்டு என்றால் இரக்கமா?

1986 மார்ச் 3 அன்று, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரை ஒட்டிய குகுலேத்து குடியிருப்பில் ஏழு இளைஞர்களைப் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். கிறிஸ்டஃபர் பீட் அவர்களில் ஒருவர். பத்தாண்டுகள் கழித்து, நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு, உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அந்தக் கொலைகளை விசாரித்தது. கிறிஸ்டஃபரின் தாய் சிந்தியா ங்கேவு. நல்லிணக்கம் என்ற பேச்சைப் பற்றித் தன் கருத்தைச் சொன்னபோது அவர் சொன்னதன் சாரம் இது: என் மகனைக் கொன்ற இந்த மனிதன் மறுபடியும் மனிதன் ஆவான், அதனால் நானும் நாம் எல்லோரும் நம் மனிதத்தைத் திரும்பப் பெறுவோம் என்பதுதான் நல்லிணக்கத்தின் பொருள் என்றால், அதற்கு நான் உடன்படுகிறேன்.

இதை முதல் தடவை படிக்கும் யாரும் "என்ன ஒரு இரக்கமுள்ள தாய்" என்றுதான் நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுபடி படித்தபோதுதான் அவர் சொன்னது வேறு என்று புரிந்தது. கொன்றவன் பாவம், அவனை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. அவன் இப்போது மனிதனாக இல்லை என்கிறார். அதைவிடத் திகைக்க வைப்பது அடுத்த பகுதி. தன்னுடைய மனிதமும் தன்னிடம் முழுதாக இல்லை என்கிறார். ஒரு குற்றமும் செய்யாத அந்தத் தாய் எப்போது, எப்படித் தன் மனிதத்தை இழந்தார்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் உபுண்டு என்ற சொல்லுக்குள் நுழைந்துவிடலாம்.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். ஜூலுவும் கோசாவும் தென்னாப்பிரிக்காவின் நெருங்கிய உறவுள்ள இரண்டு மொழிகள். இரண்டிலும் பெயர்ச்சொற்கள் வகை வகையாகப் பிரிந்திருக்கும். சொல்லின் முன்னால் வரும் ஒட்டு அது எந்த வகை என்பதைக் காட்டும். "ண்டு" என்பது வேர். ஜூலுவில் அதன் முன் "உமு" சேர்த்தால் உமுண்டு, அதாவது ஒரு மனிதர். "அபா" சேர்த்தால் அபண்டு, மனிதர்கள். "உபு" சேர்த்தால் உபுண்டு. இந்த "உபு" என்ன செய்கிறது என்பதைத் தமிழில் புரிந்துகொள்வது எளிது, ஏனென்றால் நம்மிடம் அதே வேலையைச் செய்யும் "மை" விகுதி இருக்கிறது. ஜூலுவில் இன்டோடா என்றால் ஆண், உபுடோடா என்றால் ஆண்மை. இன்கோசி என்றால் தலைவர் அல்லது அரசர், உபுகோசி என்றால் அந்தத் தலைமை. நம் மொழியில் தாய் என்ற சொல்லிலிருந்து தாய்மை வருவதுபோல, உமுண்டு என்பதிலிருந்து உபுண்டு வருகிறது. "மனிதமை" என்று ஒரு சொல் தமிழில் புழக்கத்தில் இருந்திருந்தால் அதுவே சரியான மொழிபெயர்ப்பாக இருந்திருக்கும். மனிதத்தன்மை, மனிதம் என்ற சொற்கள் அதற்கு அருகில் வருகின்றன.

ஆக, இலக்கணப்படி பார்த்தால் இது ஒரு செயலின் பெயரும் அல்ல, ஓர் உணர்ச்சியின் பெயரும் அல்ல. தாய்மை என்பது குழந்தையிடம் காட்டும் அன்பு மட்டுமில்லை. ஒருத்தி தாயாக இருக்கும் நிலை அது. குழந்தை இல்லாமல் அந்த நிலை இல்லை. உபுண்டுவும் அப்படிப்பட்ட நிலைதான்.

இரக்கத்தைக் குறிக்க இந்த மொழிகளில் சொல் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஜூலுவில் உமூசா என்றால் கருணை, அருள். கோசாவில் உபுபெலே என்றால் இளகிய மனம், ஈகை. ஒருவர் எதிர்பாராமல் உதவினால் அந்தச் சொற்களைச் சொல்லலாம். "அகனபுண்டு" என்ற சொல் வேறு இடத்தில் வரும். அவரிடம் உபுண்டு இல்லை என்பது அதன் பொருள். பெரியவரைக் கண்டும் காணாததுபோல் கடந்து போகிறவரை, அடுத்த வீட்டுச் சாவுக்குப் போகாதவரை, விருந்தாளி வாசலில் நிற்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு உண்பவரை அப்படிச் சொல்வார்கள். நாமும் ஆத்திரத்தில் "நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கேட்கிறோம் அல்லவா, அதே சூடு அதில் இருக்கிறது. இரக்கமில்லாதவன் என்பது ஒரு குணக்குறை. மனிதமை இல்லாதவன் என்பது அவன் இருப்பையே கேள்வி கேட்பது.

இந்தச் சொல்லோடு எப்போதும் ஒட்டி வரும் பழமொழி ஒன்று உண்டு: "உமுண்டு ங்குமுண்டு ங்கபண்டு". மனிதர் மனிதர் ஆவது மனிதர்களால். கடைசிச் சொல்லில் அபண்டுவின் முன்னால் ஒட்டியிருப்பது நம் மூன்றாம் வேற்றுமை "ஆல்" செய்யும் வேலையைச் செய்கிறது. கத்தியால் வெட்டினான் என்னும்போது கத்தி இல்லாமல் வெட்டு நடக்காது. அதுபோல மற்ற மனிதர்கள் இல்லாமல் ஒருவர் மனிதர் ஆவது நடக்காது. "மனிதர்களிடம் அன்பாக இரு" என்று இதில் எங்கேயும் அறிவுரை இல்லை. இது ஓர் உண்மையைச் சொல்லும் வாக்கியம். அறிவுரை அதிலிருந்து பிறகு வருகிறது.

இதே அச்சில் வார்த்த இன்னொரு பழமொழியை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். "இன்கோசி யின்கோசி ங்கபண்டு." தலைவர் தலைவர் ஆவது மக்களால். தலைவரிடம் மக்கள் இரக்கம் காட்ட வேண்டும் என்று இதற்கு யாரும் பொருள் சொல்ல மாட்டார்கள். மக்கள் விட்டுப் போய்விட்டால் அவர் தலைவரே இல்லை என்பதுதான் பொருள். தலைமை அவர் உடம்புக்குள் இருக்கும் பொருளில்லை. அவருக்கும் மக்களுக்கும் நடுவில் இருப்பது. மனிதமையும் அதே இடத்தில்தான் இருக்கிறது என்கிறது முதல் பழமொழி. நடுவில் இருப்பது அறுந்துபோனால் இரண்டு பக்கமும் குறையும். சிந்தியா ங்கேவு தன் மனிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று சொன்னதன் அர்த்தம் இப்போது புலப்படும். கொன்றவன் அறுத்த கயிற்றின் மறுமுனை அவர் கையில் இருந்தது.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த ண்டு என்ற வேரை வைத்துத்தான் 19ஆம் நூற்றாண்டில் வில்ஹெல்ம் பிளீக் என்ற ஜெர்மானிய மொழியியலாளர் தெற்கு, மத்திய ஆப்பிரிக்க மொழிகளின் பெருங்குடும்பத்துக்குப் பாண்டு என்று பெயர் வைத்தார். பின்னாளில் நிறவெறி அரசு கறுப்பின மக்களுக்கு அதையே அதிகாரப்பூர்வப் பெயராக்கிக்கொண்டது. கறுப்பினக் குழந்தைகளுக்குத் தரம் தாழ்ந்த தனிக் கல்வியை விதித்த 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் பாண்டு கல்விச் சட்டம். "மனிதர்கள்" என்று பொருள்படும் சொல்லை எடுத்து, மனிதர்களாக நடத்தப்படாதவர்கள் மீது முத்திரையாகக் குத்தினார்கள். இதை அறிந்த பிறகு, அந்த ஆட்சி முடிந்த கையோடு அதே வேரிலிருந்து வந்த உபுண்டு ஏன் நாட்டின் உதட்டில் ஏறியது என்பது எனக்கு வியப்பாக இல்லை.

இனி, இரக்கத்துக்கும் உபுண்டுவுக்கும் உள்ள வேறுபாடு அன்றாட வாழ்க்கையில் எப்படி நடந்தது என்பதைப் பார்ப்போம். இதற்கு மாடுதான் நல்ல சாட்சி. ஜூலு, கோசா மக்களின் பழைய வாழ்வில் செல்வம் என்றால் மாடு. மணப்பெண் வீட்டுக்குக் கொடுப்பது மாடு, முன்னோருக்குப் படைப்பது மாடு, விருந்தாளிக்கு ஊற்றும் புளித்த பால் மாட்டிலிருந்து வருவது. அந்தப் புளித்த பாலுக்கு அமாசி என்று பெயர். மாடில்லாத வீட்டில் அமாசி இல்லை. அமாசி இல்லாத வீட்டுக்காரர் வந்தவருக்கு எதையும் நீட்ட முடியாது.

இப்போது ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். நோயிலோ வறட்சியிலோ அவர்களுடைய மாடுகள் எல்லாம் போய்விட்டன. பக்கத்தில் நாற்பது மாடு வைத்திருப்பவர் இருக்கிறார். அவர் தினமும் ஒரு குடுவைப் பாலைக் கொடுத்தனுப்பலாம். அது நல்ல செயல்தான், குழந்தைகள் பசியாறும். ஆனால் நாள்தோறும் அந்தக் குடுவைக்காகக் காத்திருக்கும் வீடு எப்போதும் வாங்கும் வீடாகவே இருக்கும்.

ஜூலு வழக்கத்தில் இதற்கு வேறு வழி இருந்தது. அதற்கு உகுசிசா என்று பெயர். கோசா மக்களிடம் இதே வழக்கம் வேறு பெயரில் இருந்தது. மாட்டுக்காரர் தன் மாடுகளில் சிலவற்றை, பாலுக்கு ஆகும் பசுக்களாகப் பார்த்து, அந்த வீட்டுத் தொழுவத்தில் கொண்டுபோய் விடுவார். மாடு இன்னமும் அவருடையதுதான். ஆனால் மேய்ப்பது, காப்பது, கறப்பது எல்லாம் அந்த வீட்டாரின் பொறுப்பு. பால் அவர்களுக்கு. கன்றுகள் உரிமையாளருக்குச் சேரும். நன்றாக வளர்த்துக் கொடுத்தால் காலப்போக்கில் ஒரு கன்றை அவர்களுக்கே கொடுத்துவிடுவது உண்டு. மாடு செத்துப்போனால் உடனே சொல்லி அனுப்ப வேண்டும். தோலைக் காட்டி, தாங்கள் அறுத்துத் தின்றுவிடவில்லை என்று நிரூபிக்க வேண்டும்.

இந்தத் தோல் விஷயத்தைக் கவனியுங்கள். பால் குடுவை அனுப்புகிறவர் யாரிடமும் கணக்குக் கேட்க மாட்டார். கேட்டால் அது தானமாகவே இருக்காது. உகுசிசாவில் கணக்கு உண்டு, ஏனென்றால் வாங்கியவரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பொறுப்பு ஒப்படைக்கத் தகுந்தவர் என்று அவர் மதிக்கப்பட்டிருக்கிறார். அடுத்த நாள் காலையில் அந்த வீட்டுத் தொழுவத்தில் சாணம் இருக்கிறது, பையன் மாடு ஓட்டிக்கொண்டு போகிறான், வழிப்போக்கர் ஒருவர் வந்தால் ஊற்றிக் கொடுக்க அமாசி இருக்கிறது. கொடுக்கும் வீடாக அது மறுபடி எழுந்துவிட்டது. என் கண்ணுக்கு மொத்த வேறுபாடும் இந்தத் தொழுவத்தில்தான் தெரிகிறது. இரக்கம் பசியைப் பார்த்தது. உபுண்டு அந்த வீட்டார் மறுபடி மனிதர்களாக நடமாட என்ன வேண்டும் என்று பார்த்தது.

மாட்டுக்காரருக்கும் இதில் ஆதாயம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எல்லா மாட்டையும் ஒரே தொழுவத்தில் வைத்தால், நோய் வந்தால் எல்லாம் போகும். நாலு இடத்தில் பிரித்து வைத்தால் சில தப்பும். மேய்ச்சல் நிலத்தின் மேல் பாரமும் குறையும். அவருக்கு ஆதரவாக நிற்கும் வீடுகளும் கூடும். சுயநலம் கலந்தால் இரக்கத்தின் மதிப்புக் குறைந்துபோகும் என்று நாம் நினைப்போம். உபுண்டுவின் கணக்கில் அப்படி இல்லை. இரண்டு பக்கமும் வாழ்வதுதான் அங்கே எதிர்பார்ப்பு. ஆனால் இதே வழக்கம் ஏழையைப் பணக்காரரோடு கட்டிப்போடவும் செய்யும். மாடு என்றைக்கும் அவருடையதுதானே, எந்த நாளிலும் திரும்ப ஓட்டிக்கொண்டு போகலாமே என்ற அச்சத்தில் வாழ்கிறவர் முழு மனிதராக நிற்கிறாரா என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

இந்த எண்ணம் நவீன அரசின் சட்டத்துக்குள் எப்படி வந்தது? உபுண்டு என்ற சொல் அச்சில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே கிடைக்கிறது. ஆனால் அது நாட்டின் அரசியல் சொல்லாக மாறியது 1990களில்தான். 1993இல் எழுதப்பட்ட இடைக்கால அரசியல் சாசனத்தின் முடிவுரையில், புரிதல் வேண்டும், பழிதீர்த்தல் வேண்டாம். ஈடுசெய்தல் வேண்டும், பதிலடி வேண்டாம். உபுண்டு வேண்டும், மனிதரைப் பலியாக்குவது வேண்டாம் என்று எழுதினார்கள். 1995இல் அரசியல் சாசன நீதிமன்றம் மரண தண்டனையை ஒழித்தபோது நீதிபதிகள் பலர் தங்கள் தீர்ப்புரைகளில் இந்தச் சொல்லை எடுத்து விளக்கினார்கள். 1996இல் வந்த இறுதிச் சாசனத்தில் அந்தச் சொல் இடம்பெறவில்லை. ஆனாலும் நீதிமன்றம் அதை விட்டுவிடவில்லை.

அப்படி அது விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வழக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். போர்ட் எலிசபெத் நகரத்தில் லொரெய்ன் என்ற பகுதி. தனியாருக்குச் சொந்தமான காலி நிலத்தில் 29 குடிசைகள். அவற்றில் 68 பேர் வசித்தார்கள்; 23 பேர் குழந்தைகள். சிலர் இரண்டு ஆண்டுகளாக, சிலர் எட்டு ஆண்டுகள் வரை அங்கே இருந்தவர்கள். பெரும்பாலோர் வேறு இடத்திலிருந்து ஏற்கெனவே துரத்தப்பட்டு வந்தவர்கள். அக்கம்பக்கத்தில் வசித்த 1,600 பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்ததும், நகராட்சி அவர்களை வெளியேற்றச் சொல்லி வழக்குத் தொடுத்தது.

குடிசைவாசிகள் போக மாட்டோம் என்று அடம் பிடிக்கவில்லை. போதிய அவகாசமும், போய் இருக்கத் தகுந்த இடமும் கொடுத்தால் போகிறோம் என்றார்கள். நகராட்சி வால்மர் என்ற குடியிருப்பைக் காட்டியது. அங்கே நெரிசல், குற்றங்கள் அதிகம், அங்கிருந்தும் நாளை துரத்த மாட்டார்கள் என்று என்ன உறுதி என்று குடிசைவாசிகள் கேட்டார்கள். நகராட்சிக்கு ஒரு வாதம் இருந்தது. வீட்டுத் திட்டத்தில் பெயர் எழுதிக் காத்திருப்பவர்கள் ஏராளம். இவர்களுக்குத் தனியாக இடம் கொடுத்தால் வரிசையை மீறியவர்களுக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும். லேசில் தள்ளிவிடக்கூடிய வாதமில்லை இது. கீழே ஒரு நீதிமன்றம் வெளியேற்ற உத்தரவிட்டது, மேல்முறையீட்டில் அது ரத்தானது, கடைசியில் வழக்கு அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு வந்தது.

2004 அக்டோபர் 1 அன்று நீதிபதி ஆல்பி சாக்ஸ் தீர்ப்பை எழுதினார். வெளியேற்ற உத்தரவு கொடுக்க முடியாது என்பது முடிவு. இவர்கள் சிறு எண்ணிக்கையினர், நீண்ட காலம் அங்கே வாழ்ந்தவர்கள், நிலத்தின் சொந்தக்காரருக்கு அது உடனடியாகத் தேவைப்பட்டதாகச் சான்று இல்லை, நகராட்சி இவர்களோடு உட்கார்ந்து பேசித் தீர்க்க உருப்படியான முயற்சி எதையும் எடுக்கவில்லை என்பவை காரணங்கள். உபுண்டு நாட்டின் பெரும்பான்மை மக்களின் ஆழ்ந்த மரபு என்றும், அரசியல் சாசனம் முழுவதிலும் அது ஊறியிருக்கிறது என்றும், தனிமனித உரிமையையும் சமூகமாக வாழும் தத்துவத்தையும் அது இணைக்கிறது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

என்னை நிறுத்திவைத்தது அதில் வரும் வேறு இரண்டு இடங்கள். வீடில்லாதவர்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு விரட்டிக்கொண்டே இருக்கும்போது, ஏழைகளின் கண்ணியம் மட்டும் தாக்கப்படுவதில்லை, சமூகம் முழுவதுமே தாழ்ந்துபோகிறது என்கிறார் சாக்ஸ். குடிசையில் இருப்பவருக்கு இழைத்த அவமானம் மனுவில் கையெழுத்துப் போட்டவரையும் குறைத்துவிடுகிறது என்றாகிறது. நடுவில் இருக்கும் கயிறு இங்கே மறுபடி வருகிறது.

இன்னோர் இடத்தில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒன்றைச் சொல்கிறார். வெளியேற்றச் சொல்கிறவர்கள் எதிரே இருப்பவர்களை முகமும் பெயரும் இல்லாத ஆக்கிரமிப்பாளர்களாகப் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டும். குடிசையில் வாழ்பவர்களும் தங்களைத் தாங்களே கையறு நிலையில் உள்ள பலியாட்களாக, தார்மிகப் பொறுப்பே இல்லாதவர்களாக நினைத்துக்கொள்ளும் பழக்கத்தை விட வேண்டும். இரக்கத்திலிருந்து மட்டும் எழுதப்பட்ட தீர்ப்பாக இருந்தால் இந்த இரண்டாவது பகுதி வந்தே இருக்காது. இரக்கம் ஏழையிடம் எதையும் கேட்காது. உபுண்டு கேட்கும். தோலைக் கொண்டுவந்து காட்டு என்று கேட்ட அதே மரபு இது. உன்னிடம் எதிர்பார்க்க ஒன்று இருக்கிறது என்று சொல்வதே உன்னை மனிதராக மதிப்பதுதான்.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தச் சொல் பிசகும் இடங்களைச் சொல்லாமல் விட்டால் வாசகருக்கு நேர்மையாக இருக்காது.

முதல் பிசகு, "மனிதர்களால்" என்னும்போது எந்த மனிதர்கள் என்பது. 2008 மே மாதத்தில் ஜோகன்னஸ்பர்க் அருகே அலெக்சாண்ட்ராவில் தொடங்கி, வேறு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் மீது கும்பல்கள் பாய்ந்தன. 62 பேர் செத்தார்கள். உபுண்டு என்ற சொல் வழங்கும் அதே தெருக்களில்தான் இது நடந்தது. மனிதமை உறவுகளுக்கு நடுவில் பிறக்கிறது என்றால், உறவுக்கு வெளியே இருப்பவரை எளிதில் மனிதக் கணக்கிலிருந்தே நீக்கிவிடலாம் என்ற ஆபத்தும் கூடவே இருக்கிறது. வழிப்போக்கர் ஊருக்குள் வந்தால் அவர் கேட்பதற்கு முன்பே சோறும் தண்ணீரும் கொடுப்பதை உபுண்டுவின் அடையாளமாக நெல்சன் மண்டேலா சொன்னது உண்டு. முன்பின் தெரியாதவரைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் அந்தப் பாதி மறந்துபோனால் மீதிப் பாதி நஞ்சாகிவிடும்.

இரண்டாவது பிசகு, இந்தச் சொல்லை வைத்து அடிபட்டவரின் வாயை அடைப்பது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை முழுதாக ஒப்புக்கொண்டவர்களுக்குப் பொதுமன்னிப்புக் கிடைக்கும் என்று சட்டம் இருந்தது. மன்னிப்புக் கிடைத்தவர் மீது வழக்கும் போட முடியாது, நஷ்டஈடும் கேட்க முடியாது. 1977இல் போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்த கறுப்பின விடுதலைத் தலைவர் ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தார், எங்களுக்கு நீதிமன்ற விசாரணை வேண்டும் என்று அந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள். 1996இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. உபுண்டு என்ற சொல் இடம்பெற்ற அந்த முடிவுரைதான் அதற்கு அடித்தளமாக நின்றது. ஓர் எண்ணம் கிராமத்துத் தொழுவத்தில் இருக்கும்வரை ஒன்று. அதையே அரசு கையில் எடுத்து, உன் உரிமையை விட்டுக்கொடு என்று சொல்லும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. நீதி கேட்பவரிடம் உபுண்டு இல்லையா என்று கேட்பது அந்தச் சொல்லையே தலைகீழாக்குவது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மன்னிப்பு எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 7,000க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். 849 பேருக்குத்தான் கிடைத்தது. பிக்கோ வழக்கில் விண்ணப்பித்த போலீசாரும் மறுக்கப்பட்டவர்களில் இருந்தார்கள். உண்மையைச் சொல்லாமல் உறவுக்குத் திரும்ப முடியாது என்ற ஒரு விதியையாவது ஆணையம் பிடித்துக்கொண்டிருந்தது. இரக்கத்துக்கு எதிராளியின் உண்மை தேவையில்லை. அவன் கேட்காவிட்டாலும் காட்டலாம். அறுந்த உறவை முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டும்.

குகுலேத்துவின் அந்தக் கொலைகளில் பங்குகொண்ட தபேலோ ம்பெலோ என்ற கறுப்பினப் போலீஸ்காரர், பிறகு கொல்லப்பட்டவர்களின் தாய்மாரைச் சந்திக்க விரும்பினார். ஓர் அறையில் அவர்கள் எதிரே உட்கார்ந்தார். தாய்மார் அழுதார்கள், திட்டினார்கள், காசுக்காக உன் சொந்த ரத்தத்தையே விற்றாயே என்று கேட்டார்கள். சிந்தியா ங்கேவு அவருடைய பெயரைப் பற்றிக் கேட்டார். தபேலோ என்றால் பிரார்த்தனை என்றுதானே பொருள் என்றார். பிறகு, நீ என் மகன் வயதுதான் என்று சொல்லி, அவரை மன்னிப்பதாகச் சொன்னார்.

அந்த அறையில் எல்லாத் தாய்மாரும் அவரைப் போல மன்னித்துவிடவில்லை. மன்னிக்காதவர்களிடம் உபுண்டு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. பத்தாண்டுகளுக்குப் பிறகு, தங்கள் மகன்களைக் கொன்றவன் எதிரில் வந்து உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் அவனைத் திட்டியதுகூட, பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு மனிதனிடம் பேசும் பேச்சாகத்தான் இருந்தது.